நாட்டு முட்டையையும் பண்ணை முட்டையையும் தராசில் வைத்துப் பார்த்தால்

கேள்வி: "என் மகளுக்கு ஆறு வயது. வெள்ளை முட்டையில் சத்தே இல்லை, பழுப்பு முட்டை கொடு, அதைவிட நாட்டு முட்டை கொடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். விலையோ ரெண்டு மடங்கு. உண்மையிலேயே சத்தில் வித்தியாசம் இருக்கிறதா?"

ஓட்டின் நிறத்துக்கும் உள்ளே இருக்கும் சத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாட்டு முட்டைக்கும் பண்ணை முட்டைக்கும் புரதத்தின் தரத்தில் வித்தியாசம் கிடையாது. நாட்டு முட்டை சிறியது என்பதால் ஒரு முட்டைக்குக் கிடைக்கும் புரதம் அதில் குறைவுதான். வைட்டமின் டி, வைட்டமின் ஈ, ஒமேகா-3 கொழுப்பு ஆகிய மூன்றில் நாட்டு முட்டை முந்துவதுண்டு. ஆனால் கோழி வெயிலில் திரிந்து புல்லும் பூச்சியும் மேய்ந்திருந்தால்தான் அது நடக்கும். "நாட்டு" என்ற பெயர் மட்டும் அந்தச் சத்தைக் கொண்டுவராது.

முட்டைக்கோழிகளுக்குத் தீவனம் தயாரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். என்ன போட்டால் முட்டையில் எது மாறும், என்ன போட்டாலும் எது மாறாது என்பதுதான் எங்கள் அன்றாட வேலையே. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஓட்டை எடுத்துக்கொள்வோம். கோழியின் உடம்புக்குள் ஒரு முட்டை முழுதாக உருவாக ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கரு வெளிவந்து, அதைச் சுற்றி வெள்ளைக் கரு படிந்து, சவ்வு மூடுவதெல்லாம் முதல் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி இருபது மணி நேரம் போல முட்டை ஒரே இடத்தில் தங்கி ஓடு கட்டிக்கொள்கிறது. வெள்ளை முட்டையானாலும் பழுப்பு முட்டையானாலும் அந்த ஓடு அடிப்படையில் வெள்ளைதான், பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பழுப்பு முட்டை போடும் இனங்களில் கடைசிச் சில மணி நேரத்தில் புரோட்டோபார்பிரின் என்ற நிறமி ஓட்டின் மேற்பரப்பில் பூசப்படுகிறது. அதாவது முட்டைக்குள் போகவேண்டியதெல்லாம் போய், சவ்வு மூடி, ஓடும் கட்டிய பிறகு அடிக்கும் வெளிப்பூச்சு அது. ஒரு பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும்.

எந்த நிறம் வரும் என்பதை முடிவு செய்வது இனம். வெள்ளை லெகார்ன் வெள்ளை முட்டை போடும். ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டை போடும். இரண்டையும் ஒரே கொட்டகையில் வைத்து ஒரே தீவனத்தைப் போட்டால் உள்ளே இருக்கும் சத்து ஒன்றாகத்தான் இருக்கும். இன்னொன்றும் கவனித்திருக்கிறோம். ஒரே பழுப்புக் கோழி, அதே தீவனத்தைத் தின்றுகொண்டே, வயதாக ஆக வெளிறிய முட்டை போட ஆரம்பிக்கும். மிரண்டாலோ நோய் கண்டாலோகூட நிறம் குறையும். நிறமி குறைந்ததே தவிர, ஆழ்ந்த பழுப்பு முட்டையைவிட வெளிறிய முட்டையில் புரதம் குறைந்துவிடுவதில்லை. பிறகு ஏன் பழுப்பு முட்டைக்கு விலை அதிகம் என்றால், பழுப்பு முட்டை போடும் கோழிகள் பொதுவாக உடம்பு பெரியவை, ஒரு முட்டைக்கு அதிகத் தீவனம் தின்பவை. அந்தச் செலவோடு, வாங்குகிறவர் அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஓடு தடிமனாக இருந்தால் சத்து அதிகம் என்ற பேச்சும் உண்டு. அது கோழியின் வயதைப் பொறுத்தது. இளங்கோழி சின்ன முட்டை போடும், ஓடு கெட்டியாக இருக்கும். வயதான கோழியின் முட்டை பெரிதாகும், ஆனால் ஓட்டுக்குப் போகும் கால்சியம் அந்த அளவுக்குக் கூடாது. இருப்பதைப் பெரிய பரப்பில் பரப்புவதால் ஓடு மெலிந்துவிடும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இதில்தான். பழுப்பாக இருந்தால் நாட்டு முட்டை என்று நினைத்து வாங்குகிறோம். ஆனால் பண்ணைக் கூண்டில் வளரும் பழுப்புக் கலப்பினங்கள் ஏராளம். அவை இளம் வயதில் போடும் முட்டை சின்னதாக, பழுப்பாக, ஓடு கெட்டியாக இருக்கும். பார்த்தால் நாட்டு முட்டை மாதிரியேதான் தெரியும். வெள்ளை முட்டைக்குச் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வினிகரில் தேய்த்துப் பார், நிறம் போனால் சாயம் என்று சொல்வார்கள். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். இயற்கையான நிறமியும் மேல் பூச்சுதான், வினிகர் ஓட்டைக் கரைக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு கையில் இருந்தால், இருட்டில் முட்டை மேல் அடித்துப் பாருங்கள். புரோட்டோபார்பிரின் அந்த ஒளியில் சிவப்பாக ஒளிரும், பார்க்கவே அழகாக இருக்கும். அதுகூட நிறம் கோழியிலிருந்து வந்தது என்று மட்டும்தான் சொல்லும். அது மேய்ந்த கோழியா, கூண்டுக் கோழியா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல கோழியை நேரில் பார்த்தவர்தான் வேண்டும்.

சரி, உண்மையான நாட்டு முட்டையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சமையல் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு முட்டை ஒன்று 40 கிராம், பண்ணை முட்டை ஒன்று 56 கிராம். சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள்தான். ஓடு இரண்டிலும் ஒன்பதில் ஒரு பங்கு போல இருக்கும். அதைக் கழித்தால் சாப்பிடக்கூடியது நாட்டு முட்டையில் 35 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, பண்ணை முட்டையில் 50 கிராம். இப்போது மஞ்சள் கருவைத் தனியாகப் பிரித்து நிறுத்தால் நாட்டு முட்டையில் 13 கிராமுக்கு மேல், பண்ணை முட்டையில் 16 கிராமுக்கு மேல் வரும். நாட்டு முட்டையின் மஞ்சள் கரு அளவில் சிறியதுதான். ஆனால் வெள்ளைக் கரு அதைவிட அதிகமாகச் சுருங்கிவிட்டதால், முட்டையில் மஞ்சளின் பங்கு கூடுதலாகத் தெரிகிறது. நாட்டு முட்டை ருசியாக, கொழகொழவென்று நாக்கில் நிற்பதாகச் சொல்வதில் பொய்யில்லை. மஞ்சளின் பங்கு கூடினால் ருசி கூடும்.

இனி கணக்கு. மஞ்சள் கருவில் நூற்றுக்கு 16 பங்கு புரதம், வெள்ளைக் கருவில் நூற்றுக்கு 11 பங்கு போல. அந்தப்படி நம் பண்ணை முட்டையில் சுமார் 6.3 கிராம் புரதம், நாட்டு முட்டையில் சுமார் 4.6 கிராம். கொழுப்பு அனேகமாக முழுவதும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. பண்ணை முட்டையில் 4.4 கிராம், நாட்டு முட்டையில் 3.6 கிராம். ஆக ஒரு முட்டைக்கு ஒரு முட்டை என்று வைத்தால், பண்ணை முட்டையில்தான் எல்லாம் அதிகம். இதையே 100 கிராமுக்கு என்று மாற்றி எழுதுங்கள். பண்ணை முட்டையில் கொழுப்பு 8.8 கிராம், நாட்டு முட்டையில் 10 கிராமுக்கு மேல். படம் தலைகீழாகிவிட்டது! புரதமோ இரண்டிலும் 13 கிராமை ஒட்டியே நிற்கிறது.

நாட்டு முட்டையில் கொலஸ்ட்ரால் குறைவு என்று ஒருவரும், அதிகம் என்று இன்னொருவரும் அடித்துப் பேசுவது இதனால்தான். முதல் ஆள் ஒரு முட்டைக்குச் சொல்கிறார், இரண்டாவது ஆள் 100 கிராமுக்குச் சொல்கிறார். மேலே சொன்ன கணக்கில் நாட்டு முட்டை ஒன்றில் 150 மில்லிகிராம் போல, பண்ணை முட்டை ஒன்றில் 180 மில்லிகிராம் போல கொலஸ்ட்ரால் இருக்கும். 100 கிராமுக்குப் பார்த்தால் நாட்டு முட்டையே மேலே போகும். இனிமேல் முட்டை பற்றிய எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும், எதற்கு இத்தனை என்று முதலில் கேளுங்கள். ஆராய்ச்சியிலும் இதே விஷயம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேய்ச்சல் கோழியையும் கூண்டுக் கோழியையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மேய்ச்சல் முட்டையில் வைட்டமின் ஏ-யின் செறிவு 38 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஆனால் முழு முட்டைக்கும் கூட்டிப் பார்த்தபோது வித்தியாசமே இல்லை. 38 சதவீதம் என்ற எண் மட்டும்தான் ஊரெல்லாம் சுற்றுகிறது.

அதே ஆய்வில் எடைக் கணக்குக்கும் தப்பி நின்ற வித்தியாசம் இரண்டு உண்டு. மேய்ச்சல் முட்டையில் வைட்டமின் ஈ இரண்டு மடங்கு, ஒமேகா-3 கொழுப்பு இரண்டரை மடங்கு. இது எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கோழியின் உடம்பு புரதத்தை விட்டுக்கொடுக்காது. குஞ்சு உருவாக வேண்டிய அமினோ அமிலங்கள் அந்த விகிதத்தில் இல்லையென்றால் கோழி சத்தில்லாத முட்டை போடாது, முட்டை போடுவதைக் குறைத்துக்கொள்ளும், அல்லது சின்ன முட்டையாகப் போடும். ஆகவே புரதம், மொத்தக் கொழுப்பு போன்றவை தீவனத்தால் அதிகம் அசைவதில்லை. ஆனால் எந்த வகைக் கொழுப்பு, எவ்வளவு வைட்டமின் ஈ, டி, பி12, எவ்வளவு அயோடின், செலினியம் என்பதெல்லாம் கோழி தின்றதைப் பொறுத்து ஏறும், இறங்கும். பச்சைப் புல்லில் வைட்டமின் ஈ-யும் ஒமேகா-3 கொழுப்பும் இருக்கின்றன. தின்றது அப்படியே மஞ்சள் கருவுக்குப் போகிறது.

வைட்டமின் டி-க்கு வெயிலும் ஒரு வழி. கோழிக்கு இறகு மூடாத கால், கொண்டை, முகம் இருக்கின்றனவே, வெயில் அங்கே விழுந்து டி உருவாகிறது. ஜெர்மனியில் செய்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே திரிந்த கோழிகளின் மஞ்சள் கருவில், ஈரம் நீக்கி 100 கிராமுக்கு 14.3 மைக்ரோகிராம் வைட்டமின் டி இருந்தது. உள்ளேயே இருந்த கோழிகளுக்கு 3.8 தான். கிட்டத்தட்ட நான்கு மடங்கு, நிஜமான வித்தியாசம்.

ஆனால் அந்த நான்கு மடங்கு உங்கள் மகளின் தட்டில் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். மஞ்சள் கருவில் பாதி தண்ணீர். நம் 13 கிராம் நாட்டு மஞ்சளில் உலர்ந்த பாகம் ஏழு கிராமுக்குள்தான். அதில் டி ஒரு மைக்ரோகிராம் போல வரும். பண்ணை முட்டையில் 0.3 மைக்ரோகிராம். ஒரு நாளுக்கு 15 மைக்ரோகிராம் வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். அப்படியென்றால் நாட்டு முட்டையிலிருந்து பதினைந்தில் ஒரு பங்கு. நல்லதுதான், ஆனால் டி குறைபாட்டை அது ஒன்று மட்டும் தீர்த்துவிடாது. ஒமேகா-3 கதையும் அப்படியே. சாதாரண முட்டையில் இருப்பதே சொற்பம், அதன் இரண்டரை மடங்கும் சொற்பம்தான். 100 கிராம் மத்தி மீனில் ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கிறது, முட்டை அந்தப் பக்கமே வராது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பண்ணைத் தீவனத்தில் வைட்டமின் கலவை, தாது உப்புக் கலவை என்று அளந்து போடுவோம். குறைந்தால் முட்டை குறையும், பண்ணைக்கு நஷ்டம். அதனால் பண்ணை முட்டையில் சத்து வருடம் முழுக்க ஒரே சீராக இருக்கும். தீவனத்தில் ஆளிவிதையோ மீன் எண்ணெயோ சேர்த்தால், கூண்டுக் கோழியின் முட்டையே ஒமேகா-3-யில் மேய்ச்சல் முட்டையைத் தாண்டிவிடும். நாட்டுக்கோழிக்கோ பருவத்துக்குப் பருவம் மாறும். புல் காய்ந்த காலத்தில், கொல்லையில் அடைத்து வெறும் தானியத்தை மட்டும் போட்டு வளர்த்தால், அந்த முட்டையில் கூடுதல் வைட்டமின் ஈ எங்கிருந்து வரும்?

"மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சாக இருக்கிறதே, அது சத்தில்லையா" என்பது அடுத்து வரும் கேள்வி. எங்களிடம் விசிறி மாதிரி விரியும் ஒரு நிறப்பட்டை இருந்தது. வெளிர் மஞ்சளில் தொடங்கி ஆழ்ந்த ஆரஞ்சு வரை ஓலை ஓலையாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். முட்டையைக் கண்ணாடித் தட்டில் உடைத்து, பட்டையைப் பக்கத்தில் பிடித்து, எண்ணைக் குறித்துக்கொள்வோம். வாங்குகிறவர் இன்னும் ஆழமாக வேண்டும் என்றால் தீவனத்தில் சாமந்தி வகைப் பூவான மேரிகோல்டின் சாறோ மிளகாய் வகைச் சாறோ கொஞ்சம் கூட்டுவோம். பத்துப் பதினைந்து நாளில் முட்டை ஆரஞ்சாகிவிடும். இதில் புரதமும் ஏறவில்லை, டி-யும் ஏறவில்லை. நிறம் கொடுப்பது லூட்டீன், சீயாக்சாந்தின் போன்ற நிறமிகள். அவை கண்ணுக்கு நல்லவை, அதை மறுக்கவில்லை. ஆனால் வைட்டமின் ஏ-யை நிறம் காட்டாது, மஞ்சளுக்கு ஆரஞ்சு கொடுப்பது அதுவல்ல. வெள்ளைச் சோளம் தின்ற கோழியின் மஞ்சள் வெளிறி இருந்தும் வைட்டமின் ஏ சரியாக இருக்கலாம். புல் மேய்ந்த கோழியின் மஞ்சளும் ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் ஆழமாக இருப்பதெல்லாம் புல் மேய்ந்ததல்ல.

பண்ணை முட்டையை "பிராய்லர் முட்டை" என்று சொல்லிப் பயப்படுவதும் தேவையில்லாதது. பிராய்லர் கறிக்கோழி. ஆறு வாரத்துக்குள் கறிக்குப் போய்விடும், முட்டை போடும் வயதையே அது தொடுவதில்லை. முட்டைக்கோழி வேறு இனம், நான்கு நான்கரை மாதத்தில்தான் முட்டையே தொடங்கும். சேவல் இல்லாமல் போட்ட முட்டை என்பதால் சத்து குறையாது. கருவுறாத முட்டை, குஞ்சு பொரிக்காது, அவ்வளவே. பண்ணை விஷயத்தில் நான் கவலைப்படுவது மருந்து மிச்சத்தைப் பற்றித்தான். கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் குறிப்பிட்ட நாள் வரை முட்டையை விற்கக்கூடாது. அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் பண்ணையா என்பது முக்கியம்.

நாட்டுக்கோழிக்கும் இதற்கு இணையான கவலை ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. கோழி மண்ணைக் கொத்தும்போது மண்ணையும் சேர்த்துத்தான் விழுங்கும். பழைய பெயின்ட் உதிர்ந்த இடம், குப்பை எரித்த இடம், பட்டறைக் கழிவு கொட்டிய இடத்தில் மேய்ந்தால் ஈயமும் டையாக்ஸின் என்ற நச்சும் முட்டைக்கு வந்துவிடும். நகரத்துக் கொல்லைகளில் வளர்த்த கோழிகளின் முட்டையில் ஈயம் இருந்ததை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் முட்டை என்பதால் இதைச் சொல்கிறேன். கோழி எங்கே மேய்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், நாட்டு முட்டை என்றதும் பச்சையாகக் குடிக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் போல உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் 50 சதவீதம் போலத்தான். நாட்டுக்கும் பண்ணைக்கும் இடையில் இத்தனை நேரம் நாம் தேடிய எந்தப் புரத வித்தியாசத்தையும்விட, அடுப்பை மூட்டுவதால் வரும் வித்தியாசம் பெரியது. சால்மொனெல்லா கிருமியும் வெள்ளை, பழுப்பு, நாடு என்று பார்க்காது.

உங்கள் மகளுக்கு என்று கேட்டீர்கள். கை கடிக்காமல் தினம் ஒரு முட்டை கொடுக்க முடிகிறதென்றால், வெள்ளைப் பண்ணை முட்டையே தாராளமாகப் போதும். நாட்டு முட்டை விலை அதிகம் என்று வாரத்துக்கு மூன்றோடு நிறுத்திக்கொண்டால், அவளுக்கு வாரத்துக்கு 14 கிராம் போலத்தான் புரதம் கிடைக்கும், தினம் ஒரு பண்ணை முட்டை என்றால் 44 கிராம். அதே பணத்துக்கு ஆறு பண்ணை முட்டை வாங்கலாம். மேய்ந்த கோழி என்று நீங்களே கண்ணால் பார்த்த இடத்திலிருந்து, புது முட்டையாக, கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் நாட்டு முட்டையையும் வாங்குங்கள். ருசியும் நன்றாக இருக்கும், கொஞ்சம் வைட்டமின் டி-யும் ஈ-யும் கூடுதலாக வரும்.

எதை வாங்கினாலும் சமைக்கும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெல்ல விட்டுப் பாருங்கள். புது முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். நாளான முட்டை, உள்ளே ஈரம் வற்றி மழுங்கிய முனையில் காற்றறை பெரிதாவதால், அந்த முனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மிதந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். நாட்டு முட்டையைப் பல நாள் சேர்த்துவைத்துத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள், கோழி அடைக்கு உட்கார்ந்த பிறகு எடுத்ததும் அதில் கலந்திருக்கும். அதனால் அதை நேராகச் சட்டியில் உடைக்காமல், ஒவ்வொன்றாக ஒரு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.